மெல்பர்ன் வாடிக்கையாளருடன் வீடியோ நேர்காணல்: ரங்கூனிலிருந்து கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ரங்கூனில் வீட்டிலிருந்தே ஆஸ்திரேலியக் கணக்காளர் அலுவலகங்களுக்குக் கணக்கு எழுதும் வேலை தேடும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கணக்கு உங்களுக்குத் தெரியும், Xero என்ற கணக்கு மென்பொருள் பழகியிருக்கிறீர்கள், விண்ணப்பமும் போட்டுவிட்டீர்கள். "அரை மணி நேரம் வீடியோவில் பேசலாமா?" என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பதில் வந்த நிமிடத்திலிருந்து என்னென்ன வரிசையில் செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே.

பலர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. வேலை கைநழுவுவதற்கு உச்சரிப்பு மொத்தமாக மோசம் என்பது காரணமாக இருப்பதில்லை. ஓர் எண், ஒரு தேதி, ஒரு "முடியும், முடியாது" தவறாகப் போய்ச் சேருகிறது, அதை யாரும் சரிபார்ப்பதில்லை. அதனால் கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தச் சில சொற்களைச் சுற்றியே இருக்கும்.

முன்கூட்டியே கையில் வேண்டியவை: கம்பி வைத்த ஹெட்செட், ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ், வேறு கம்பெனி சிம் போட்ட போன், கோடு போட்ட நோட்டு, நிதானமாகத் தயாராக நான்கைந்து நாள். அத்தனை நாள் இல்லை என்றால் 1, 2, 4, 7 ஆகிய படிகளை மட்டுமாவது விடாதீர்கள்.

1. முதலில் நேரத்தை உறுதி செய்யுங்கள்

பதில் எழுதும் முன்பே இதைச் செய்ய வேண்டும். நம் நேரம் உலக நேரத்துக்கு ஆறரை மணி முன்னே. மெல்பர்ன் பத்து மணி முன்னே. அதுவே அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை பதினொரு மணி முன்னே. ஆக மெல்பர்னில் காலை 10 என்றால், ஜூன் மாதம் நமக்குக் காலை 6.30, டிசம்பரில் 5.30.

அந்த அரை மணியில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். "நாலு மணி வித்தியாசம்" என்று குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டு, அரை மணி தாமதமாகவோ முன்னதாகவோ போய் உட்காருவார்கள். பிரிஸ்பேனில் கோடைக்கு நேரம் மாற்றுவதில்லை என்பதால் வாடிக்கையாளர் எந்த ஊர் என்பதையும் பாருங்கள்.

பதிலில் இரண்டு நேரத்தையும் எழுதுங்கள்: செவ்வாய், ஜூன் 16, மெல்பர்ன் காலை 10.00, ரங்கூன் காலை 6.30. தவறு இருந்தால் அவரே திருத்திவிடுவார். நீங்கள் எழுத்தில் கவனமானவர் என்பதும் அப்போதே அவருக்குப் புரியும்.

2. வேலையை வாசித்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

உச்சரிப்புப் பயிற்சியை இதற்கு அடுத்ததாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. எந்தச் சொற்களைச் சொல்லப் போகிறோம் என்று தெரியாமல் பயிற்சி செய்தால் நாள் வீணாகும். விளம்பரத்தையும் அவர் எழுதிய மின்னஞ்சலையும் வாசித்து, கேட்கக்கூடிய கேள்விகளை ஊகித்து, பதிலை உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள்.

ஒரு காபிக் கடையின் கணக்கை எடுத்துக்கொள்வோம், இப்படிப்பட்ட வேலைதான் நம்மவர்களுக்கு அதிகம் வருகிறது. பேச்சு இந்த மூன்று இடங்களுக்கு வந்தே தீரும்.

ஒன்று, சப்ளையர் பில். ஆஸ்திரேலியாவில் ஜிஎஸ்டி 10 சதவீதம். ஆனால் பால், ரொட்டி, காய்கறி போன்ற அடிப்படை உணவுக்கு வரி கிடையாது. அதே பில்லில் வரும் காகிதக் கப்புக்கு வரி உண்டு. பில் மொத்தத்தையும் ஒரே வரியில் போட்டால் தவறு. பாலை GST Free Expenses என்றும் கப்பை GST on Expenses என்றும் பிரித்துப் போடுவேன் என்று சொல்ல வேண்டும்.

இரண்டு, கார்டு வசூல். கடையின் பில்லிங் இயந்திரம் அன்றைய விற்பனை 985 டாலர் என்கிறது. வங்கியில் வந்தது 970. மீதி 15 கார்டு கம்பெனியின் கமிஷன். வந்த 970-ஐ அப்படியே விற்பனை என்று எழுதினால், விற்பனையும் குறையும், அதன் மேல் வரும் வரியும் குறையும், செலவும் மறைந்துபோகும். விற்பனை 985, கமிஷன் 15 என்று இரண்டாகப் பிரிப்பதுதான் சரி. இந்தக் கேள்வியை அவர்கள் விரும்பிக் கேட்பார்கள்.

மூன்று, வரி அறிக்கை. ஜிஎஸ்டி கணக்கைப் பெரும்பாலான சிறு கடைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ் என்ற அறிக்கையாக வரித்துறைக்கு அனுப்புகின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு அந்தச் சேவையைச் செய்ய அங்கே பதிவு பெற்ற முகவராக இருக்க வேண்டும், 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. ஆகவே "பாஸ் எல்லாம் நானே போட்டுவிடுவேன்" என்று உற்சாகத்தில் சொல்லிவிடாதீர்கள். "உங்கள் அலுவலகத்து முகவரின் மேற்பார்வையில் கணக்கைத் தயார் செய்து கொடுப்பேன், சரிபார்த்து அனுப்புவது அவர்" என்பதுதான் பதில். கேட்பவர் கணக்காளர் என்பதால் இந்த ஒரு வாக்கியத்திலேயே உங்களுக்கு விவரம் தெரியும் என்று கண்டுகொள்வார்.

இதோடு நிதியாண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. நம் ஊரில் ஏப்ரலில் தொடங்குகிறது. "இந்த நிதியாண்டு" என்று அவர் சொல்லும்போது நம் மனம் ஏப்ரலுக்கு ஓடினால், மூன்று மாதக் கணக்கு தவறிவிடும்.

பக்கம் முடிந்ததும், அதில் அடிக்கடி வரும் சொற்களில் பன்னிரண்டை மட்டும் அடிக்கோடிடுங்கள். நாலாவது படிக்கு அதுதான் பட்டியல்.

3. கரண்ட், நெட், மைக்

முறை வைத்துக் கரண்ட் வரும் ஊரில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டு இடத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்பி இருப்பார்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் அந்த ஒரு கணத்தில் ரவுட்டர் அணைந்து மறுபடி எழும்ப இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதனால் ரவுட்டருக்குத் தனி யூபிஎஸ் வேண்டும். அடுத்தது, ரவுட்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு, சுவரில் ஃபைபர் கம்பி வந்து சேரும் சின்னப் பெட்டியை மறந்துவிடுவார்கள். இரண்டும் உயிரோடு இருந்தால்தான் நெட். முதல் நாளே மெயினை அணைத்துப் பாருங்கள். வீடியோ நிற்காமல் ஓடினால் சரி.

நெட் மந்தமானால் முதலில் உங்கள் வீடியோவை அணையுங்கள். ஸூம் அழைப்பில் குரலுக்கு மட்டும் வினாடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும், படத்துக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். முகம் உறைந்து நிற்பதை விடக் குரல் தெளிவாகப் போவது முக்கியம்.

மைக் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதமானவன். காதில் மாட்டும் புளூடூத் வேண்டாம். பாட்டுக் கேட்கும்போது நன்றாக இருக்கும் அதே ஹெட்செட், மைக்கைத் திறந்ததும் பெரும்பாலும் தரம் குறைந்த ஒலிக்கு மாறிவிடும். ச, ஃப, ஸ போன்ற காற்றொலிகளும் சொல்லின் கடைசியில் வரும் ட், க் ஒலிகளும் மேல் அதிர்வெண்ணில்தான் இருக்கின்றன, முதலில் வெட்டுப்படுவது அவைதான். உச்சரிப்பு சரியில்லை என்று பல பேர் வருந்துவதில் பாதி மைக்கின் கோளாறு. கம்பி ஹெட்செட் போட்டு, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் ஓரமாக இரண்டு விரல் தள்ளி வையுங்கள். டைல்ஸ் அறையில் எதிரொலித்தால் எதிர்ச் சுவரில் ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள்.

4. உச்சரிப்பு: எதைத் திருத்துவது, எதை விடுவது

பர்மியத் தமிழர் ஆங்கிலத்தில் இரண்டு மொழியின் பழக்கமும் கலந்திருக்கிறது. எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் திருத்துவது சுலபம்.

*சொல்லின் கடைசி மெய்.* பர்மியச் சொற்கள் உயிரொலியில் முடியும், அல்லது மூக்கொலியில், அல்லது தொண்டையை டக்கென்று மூடும் ஒலியில். க், ட், ப், ஃப் என்று தெளிவாக முடிவதில்லை. பள்ளியிலும் தெருவிலும் பர்மியம் பேசி வளர்ந்த நமக்கு அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் வந்துவிடுகிறது. லைக், லைட், லைஃப் மூன்றும் ஒன்றாக விழும். இன்வாய்ஸ் "இன்வாய்" ஆகும். "பெய்ட்" என்று சொன்னது "பே" என்று கேட்கும், அதாவது கட்டியாகிவிட்ட பில்லை இனிமேல்தான் கட்ட வேண்டும் என்று அவர் எழுதிக்கொள்வார்.

இவற்றிலெல்லாம் மோசமானது கேன், கான்ட். கடைசி ட் விழுந்தால் முடியாது என்பது முடியும் என்று ஆகிவிடும். இதற்குப் பயிற்சி வேண்டாம், சொல்லையே மாற்றிவிடுங்கள். எப்போதும் "கேனாட்" என்று முழுசாகச் சொல்லுங்கள், அல்லது "தட் இஸ் நாட் பாஸிபிள்" என்று சொல்லுங்கள்.

மற்றச் சொற்களுக்கு ஒரு வழி உண்டு. அடுத்து உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால், கடைசி மெய்யை அதோடு ஒட்டிச் சொல்லுங்கள். "பெய்ட் இன் ஜூலை" என்பதைப் "பெய்-டின் ஜூலை" என்று சொல்லிப் பாருங்கள், ட் தானாக வந்து நிற்கும். வீட்டில் தமிழே அதிகம் பேசுகிறவர்கள் இதற்கு நேர் எதிர்ப் பக்கம் போவார்கள், "பேங்க்கு", "பில்லு" என்று கடைசியில் உகரம் சேர்ப்பார்கள். அவர்கள் வாயை மூடி நிறுத்தப் பழக வேண்டும்.

*ஃப, ப.* ஃப ஒலி தமிழிலும் இல்லை, பர்மியத்திலும் இல்லை. காபிக் கடைக் கணக்கில் இது விளையாடும். நாம் "காப்பி இன்வாய்ஸ்" என்றால் அவருக்குப் பில்லின் நகல் என்று கேட்கும். ஃபைல் "பைல்" ஆகும். மேல் பல்லைக் கீழ் உதட்டில் லேசாக வைத்துக் காற்றை விட்டால் ஃப. இன்வாய்ஸில் வரும் வ-வுக்கும் அதே இடம்தான், காற்றோடு குரலும் சேர வேண்டும்.

*எந்த அசையில் அழுத்தம்.* நாம் எல்லா அசையையும் ஒரே அளவாகச் சொல்கிறோம். ஆங்கிலம் கேட்கும் காது அழுத்தத்தை வைத்துத்தான் சொல்லைப் பிடிக்கிறது. ஃபிஃப்டீன் என்றால் கடைசியில் இழுத்து அழுத்த வேண்டும், ஃபிஃப்டி என்றால் முதலில் அழுத்திக் கடைசியைக் குறுக்க வேண்டும். ரெகன்சைல் என்பதில் "ரெ" மேல் அழுத்தம். டெபாஸிட்டில் நடு அசை. ஸப்ளையரில் "ப்ளை". இன்வாய்ஸில் "இன்". ரிஸீட்டில் கடைசி அசை, எழுத்தில் இருக்கும் பி ஒலிக்காது. கடைசி மெய்யைப் பாதி விட்டாலும் அழுத்தம் சரியாக இருந்தால் அவருக்குப் புரிந்துவிடும், அதனால் நேரம் குறைவாக இருந்தால் இதைத்தான் முதலில் பழக வேண்டும்.

விட்டுவிட வேண்டியவையும் இருக்கின்றன. நாக்கை மடித்துச் சொல்லும் ட, உருட்டும் ர, தமிழ் ராகம், இவற்றால் யாருக்கும் பொருள் மாறிப் போவதில்லை. ஆஸ்திரேலியர் போலப் பேச முயல்வது இன்னும் வேண்டாம், இரண்டு வாக்கியத்துக்குப் பிறகு அது உதிர்ந்துவிடும், கேட்பவருக்கு இரண்டு ஆள் பேசுவதுபோல இருக்கும். திங்க், தர்ஸ்டே என்பதில் வரும் ஒலிக்காகத் தமிழ்நாட்டு நண்பர்கள் கஷ்டப்படுவார்கள். நாம் திஞ்சான் என்று பர்மியத்தில் சரியாகச் சொல்லும் அதே முதல் ஒலிதான் அது, அப்படியே எடுத்துப் போடலாம்.

*சரியாகிவிட்டதா என்று பார்ப்பது எப்படி?* பன்னிரண்டு சொல்லையும் ஆறு எண்களையும் வரிசை கலைத்து, ஹெட்செட்டில் பதிவு செய்து, பட்டியலைப் பார்க்காத ஒருவருக்கு வைபரில் அனுப்புங்கள். "என்ன கேட்டதோ அதை எழுதி அனுப்பு" என்று சொல்லுங்கள். அவர் பர்மியம் தெரியாதவராக இருந்தால் நல்லது. நம் ஊர் ஆட்களுக்கு நம் பழக்கம் பழகிப்போயிருப்பதால் விட்டதையும் சேர்த்தே கேட்டுக்கொள்வார்கள். தவறாக எழுதிய சொற்களை மட்டும் மறுநாள் பழகுங்கள். நன்றாக இருக்கிறதா என்று யாரிடமும் கேட்காதீர்கள், "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் பதில் வரும்.

5. காதைப் பழக்குங்கள்

அமெரிக்கப் படம் பார்த்துப் பழகிய காதுக்கு ஆஸ்திரேலியப் பேச்சு முதல் ஐந்து நிமிடம் தடுமாற்றமாக இருக்கும். அந்த ஐந்து நிமிடம் நேர்காணலில் வந்துவிடக் கூடாது. ஏபிசி ரேடியோ மெல்பர்ன் இணையத்தில் கிடைக்கிறது. தினம் கொஞ்சம் கேளுங்கள். எல்லாம் புரிய வேண்டியதில்லை. எண்கள், நாட்கள், மறுப்புச் சொற்கள் இவற்றை மட்டும் நோட்டில் எழுதி வாருங்கள்.

முக்கியமாக ஒரு ஒலி. அவர்களில் பலர் "ஏ" என்பதை "ஐ" பக்கமாகச் சொல்வார்கள். டுடே "டுடை" போல வரும், எய்ட்டி "ஐட்டி" போல வரும். மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது ஏ-யும் ஐ-யும் கலந்துபோகும். எனவே எழுத்தைக் கேட்டதும் "ஏ ஃபார் ஆப்பிள்?" என்று கேட்டுவிடுவதைப் பழக்கமாக்குங்கள்.

சில சொற்கள்: ஆர்வோ என்றால் பிற்பகல். ஃபோர்ட்நைட் என்றால் இரண்டு வாரம், சம்பளம் பலருக்கு அந்தக் கணக்கில்தான். "யா, நா" என்று சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் இல்லை என்று பொருள்.

6. அழைப்பில் கேட்பதும் குறிப்பெடுப்பதும்

ஐந்து நிமிடம் முன்பே உள்ளே போங்கள். வணக்கம் சொன்னதும் ஒரே வாக்கியத்தில் நிலவரத்தைச் சொல்லிவிடுங்கள்: இங்கே கரண்ட் போகக்கூடும், பேட்டரி இருக்கிறது, இணைப்பு அறுந்தால் இரண்டு நிமிடத்தில் போனிலிருந்து திரும்ப வருவேன். முன்கூட்டிச் சொன்னால் அது ஏற்பாடு. அறுந்த பிறகு சொன்னால் சாக்கு மாதிரித் தெரியும்.

முதல் பெயரால் கூப்பிடுங்கள். அங்கே அதுதான் வழக்கம். வாக்கியத்துக்கு ஒரு "ஸார்" போட்டால் அவருக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

நோட்டுப் பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். இடது பக்கம் எண்களும் தேதிகளும். நடுவில் செய்ய வேண்டியது. வலது பக்கம் செய்யக் கூடாதது. வலது பக்கத்தைத் தனியாக வைக்கச் சொல்வது ஏனென்றால், பதற்றத்தில் மறுப்புச் சொல்தான் காதில் விழாமல் போகும். முழு வாக்கியம் எழுத முயலாதீர்கள், எழுதும் நேரத்தில் அடுத்த வாக்கியம் போய்விடும்.

அவர் பேசும்போது "எஸ் எஸ்", "ம் ம்" என்று சொல்லும் பழக்கத்தை விடுங்கள். நாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற பொருளில் சொல்கிறோம், அவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார். அதோடு நாம் "ம்" என்றதும் மென்பொருள் அவர் குரலை ஒரு நொடி அமுக்கிவிடக்கூடும், அந்த நொடியில் போவது ஓர் எண்ணாக இருக்கலாம். தலையை மட்டும் மேலும் கீழுமாக அசையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் சரியா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. அவர் முடித்தபின் ஒரு மூச்சு விட்டுப் பேசத் தொடங்குங்கள், குரல் வந்து சேரத் தாமதம் இருக்கும்.

புரியாவிட்டால் என்ன செய்வது? ஆனாடே என்று சங்கடப்பட்டு விட்டுவிடுவதுதான் நம் எல்லோருடைய பழக்கமும். இங்கே அது வேண்டாம். ஆனால் "பார்டன்?" என்று மொட்டையாகக் கேட்டால் அவர் முழுவதையும் அதே வேகத்தில் மறுபடி சொல்வார், மறுபடியும் அதே இடம் நழுவும். எது நழுவியதோ அதை மட்டும் கேளுங்கள். "ஐ காட் தி டே, நாட் தி டைம்" என்றால் அவர் நேரத்தை மட்டும் நிறுத்திச் சொல்வார்.

எண் என்றால் இன்னும் கறாராக இருங்கள். ஒரு வாரத்துக்கு வங்கி அறிக்கையில் சரிபார்க்க வேண்டிய வரிகள் "அ ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி" என்று அவர் சொல்கிறார். உங்கள் காதில் 115 என்றும் விழலாம், 150 என்றும் விழலாம். திரும்ப அதே சொல்லைச் சொல்லிக் கேட்டால் அவரும் "யெஸ்" என்பார், இருவரும் வேறு வேறு எண்ணோடு கிளம்புவீர்கள். "ஒன், ஃபைவ், ஸீரோ?" என்று இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள். வரிக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் வாரத்துக்கு அரை மணிக்கு மேல் வித்தியாசம், மாதத்துக்கு இரண்டரை மணி. மாதக் கட்டணம் பேசியபின் அந்த நேரம் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

கிழமை சொன்னால் தேதியையும் கேளுங்கள். ட்யூஸ்டே, தர்ஸ்டே இரண்டும் மோசமான லைனில் ஒன்றாகக் கேட்கும். "நெக்ஸ்ட் ஃப்ரைடே" என்பது வருகிற வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது.

7. அழைப்பு முடியும் முன் வாயால் சுருக்கிச் சொல்லுங்கள்

பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். "எனி கொஸ்சன்ஸ்?" என்று அவர் கேட்கும்போது, உங்கள் கேள்விக்கு முன்னால், "நான் புரிந்துகொண்டதை ஒரு நிமிடத்தில் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்" என்று அனுமதி கேட்டுத் தொடங்குங்கள்.

நான்கு வாக்கியம் போதும். மேலே சொன்ன காபிக் கடைக்கு அது இப்படி வரும்:

"வேலை ஜூலை 1-இல் தொடங்குகிறது, Xero-வில் வாராந்தர வங்கிச் சரிபார்ப்பு. வாரத்துக்குச் சுமார் 150 வரிகள், ஒன்று ஐந்து பூஜ்யம். கடைக்காரர் செவ்வாய் பிற்பகல் பில்களை ஏற்றுவார், நான் வியாழன் மாலை 5 மணிக்குள், மெல்பர்ன் நேரப்படி, முடிக்க வேண்டும். சம்பளக் கணக்கை நான் தொடக் கூடாது, பாஸ் உங்கள் அலுவலகம் அனுப்பும்."

வரிசையைக் கவனியுங்கள்: என்ன வேலை, எவ்வளவு, எப்போது, எது என் வேலை இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் நிறுத்துங்கள். உச்சரிப்பில் சந்தேகம் உள்ள சொல்லுக்கு இன்னொரு ஆதாரமும் கூட வரட்டும், கிழமையோடு தேதி, எண்ணோடு இலக்கம். அப்போது ஒரு சொல் சரியாக விழாவிட்டாலும் மற்றது தாங்கிக்கொள்ளும்.

இப்போது அவர் சொல்கிறார்: "இல்லை, வியாழன் மாதக் கடைசி வாரத்தில் மட்டும். மற்ற வாரங்களில் வெள்ளி மதியம் போதும்." பல பேர் இந்த இடத்தில் முகம் வாடிப் போவார்கள், தவறாகச் சொல்லிவிட்டோமே என்று. அப்படி நினைக்காதீர்கள். சுருக்கம் சொன்னதே இந்தத் திருத்தம் வருவதற்காகத்தான். அவர் முதலில் சொன்னபோதே விட்டுச் சொல்லியிருக்கலாம், நீங்கள் கேட்காமல் விட்டிருக்கலாம், யார் என்பது முக்கியமே இல்லை. நோட்டில் அடித்துத் திருத்தி எழுதி, திருத்திய வாக்கியத்தை மட்டும் ஒரு முறை திரும்பச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் அவர் "யா, யா, கிரேட்" என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனால், கவனித்தாரா என்று சந்தேகப்படுங்கள். எண்ணை மட்டும் தனியாக இன்னொரு தடவை கேட்டுவிடுங்கள்.

சுருக்கத்தில் உங்கள் பெருமையைச் சேர்க்காதீர்கள். "நான் கடுமையாக உழைப்பேன்" என்று நடுவில் வந்தால் அவர் திருத்த வேண்டிய மனநிலையிலிருந்து பாராட்ட வேண்டிய மனநிலைக்குப் போய்விடுவார்.

8. அன்றே எழுதி அனுப்புங்கள்

ஒரு மணி நேரத்துக்குள், நோட்டு சூடாக இருக்கும்போதே. மின்னஞ்சலின் பொருள் வரியில் கடையின் வேலை, தேதி இரண்டும் இருக்கட்டும், "தேங்க் யூ" என்று மட்டும் போடாதீர்கள், பிறகு தேடினால் கிடைக்காது. உள்ளே ஆறு வரிகள். எளிய ஆங்கிலத்தில் நீங்கள் எழுத வேண்டியதன் சாரம் இது:

- தொடக்கம்: புதன், ஜூலை 1.
- வேலை: Xero-வில் வாராந்தர வங்கிச் சரிபார்ப்பு, சுமார் 150 வரிகள்.
- பில்கள்: ஒவ்வொரு செவ்வாயும் பிற்பகல், கடைக்காரர் ஏற்றுவார்.
- முடிக்கும் நேரம்: வெள்ளி மதியம் 12 மணி. மாதக் கடைசி வாரம் வியாழன் மாலை 5 மணி. இரண்டும் மெல்பர்ன் நேரம்.
- என் வேலையில் இல்லாதவை: சம்பளக் கணக்கு, பாஸ் அனுப்புவது.
- ஒரு கேள்வி: செவ்வாய் பில் வராவிட்டால் நான் கடைக்காரரிடம் நேரே கேட்கலாமா, உங்கள் வழியாகவா?

கேள்வி ஒன்றே ஒன்று இருக்கட்டும். ஐந்து கேள்வி கேட்டால் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைப்பார்கள். ஒரு கேள்விக்கு உடனே பதில் எழுதுவார்கள், எழுதும்போது மேலே உள்ள ஐந்து வரியையும் கண் ஓட்டிவிடுவார்கள், தவறு இருந்தால் அப்போது பிடிபடும்.

அழைப்பில் பேசாத எதையும் இதில் புதிதாக நுழைக்காதீர்கள், கட்டண உயர்வு உட்பட. அது தனி மின்னஞ்சல்.

இரண்டு வேலை நாள் பதில் இல்லை என்றால், அதே மின்னஞ்சலுக்குக் கீழே ஒரு வரி மட்டும் எழுதுங்கள்: கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் ஜூலை 1-க்குத் தயார் செய்துகொள்வேன் என்று. அங்கே ஜூன் கடைசி நிதியாண்டு முடியும் நேரம், எல்லாக் கணக்காளரும் மூழ்கிக் கிடப்பார்கள். பதில் தாமதமாவதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு மூன்று நான்கு முறை நச்சரிக்காதீர்கள். பதில் வந்து அதில் ஏதாவது திருத்தம் இருந்தால், திருத்திய ஆறு வரியையும் முழுதாக மறுபடி அனுப்பி, பழையதை இது மாற்றுகிறது என்று மேலே எழுதிவிடுங்கள்.